வாரச் சந்தைக்கு அகல் விளக்கு: மூன்று வேலை அட்டவணைகள், எது யாருக்கு?

சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடி அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டி, சனி ஞாயிறில் ஈப்போ பக்கம் கடை போடும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். பகலில் வேலை, மாலையில் தூரிகை, வார இறுதியில் சந்தை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வாரா வாரம் போகணுமா, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போனால் போதுமா? வேலையை எப்படிப் பிரிப்பது?"

இதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. அந்த வாரச் சந்தைக்கான விளக்கை அந்த வாரமே செய்வது ஒன்று. ஒரு வாரம் முந்திக்கொண்டு, போன வாரம் செய்ததை இந்த வாரம் விற்பது இரண்டாவது. இரண்டு வாரம் செய்து ஒரு சந்தைக்குப் போவது மூன்றாவது. மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பெரும்பாலும் "ஒரு நாளைக்கு எத்தனை விளக்கு செய்ய முடியும்" என்றுதான் கணக்குப் போடுகிறோம். அது பாதிக் கணக்கு. விளக்கு வேலையில் கை வேலை செய்யும் நேரம் ஒன்று, விளக்கு சும்மா காய்ந்துகொண்டிருக்கும் நேரம் ஒன்று. அட்டவணையை முடிவு செய்வது இந்த இரண்டாவது நேரம்தான்.

முதலில் கை வேலை. இரண்டரை அங்குல அகலுக்குப் பிரைமர் ஒரு நிமிடம், அடி வண்ணம் இரண்டு பூச்சுக்கு இரண்டு நிமிடம், புள்ளி, கோலம், குந்தன் கல் ஒட்டுவது எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம், வார்னிஷ் ஒரு நிமிடம். ஆக ஒன்பது நிமிடம். பொதிந்து பெட்டியில் வைக்க இன்னொரு நிமிடம். கை பழகியவர்களுக்கு இது சரியாக வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காயும் நேரம். சுட்ட மண் தண்ணீரைக் குடிக்கும். கழுவிய விளக்கு வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் வண்ணம் அடித்தால் சில நாளில் கொப்புளம் எழும்பும், அல்லது வெள்ளையாக உப்புப் பூக்கும். அதனால் கழுவி முழுதாக இரண்டு நாளாவது காய விட வேண்டும். அக்ரிலிக் வண்ணம் அரை மணியில் தொட்டால் ஒட்டாது. ஆனால் அதன் மேல் வார்னிஷ் போட ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வார்னிஷ் பால் போல வெளுத்து மங்கிவிடும். வார்னிஷ் போட்ட பிறகு பெட்டியில் அடுக்க மறுபடி ஒரு நாள். மழைக்காலத்தில் இரண்டு நாள்.

டப்பாவின் மேல் "30 நிமிடத்தில் காயும்" என்று போட்டிருப்பது தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காய்வது. பெட்டியில் அடுக்கும் அளவுக்கு அது போதாது. காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. விளக்கை எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் வண்ணம் பூசாத விளக்கை விடக் குளிர்ச்சியாகத் தெரிந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அப்புறம் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஒரு இரவு.

மூன்றாவது அளவுகோல் பணம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு விளக்கு 6 வெள்ளி. மண் விளக்கு, வண்ணம், கல், பொதியும் தாள், பெட்டி எல்லாம் போக 3.50 வெள்ளி மிஞ்சுகிறது. ஈப்போவில் இரண்டு நாள் கடை வாடகை 120. பெட்ரோல், பார்க்கிங் 40. இரண்டு பேர் இரண்டு நாள் சாப்பாடு 50. மொத்தம் 210 வெள்ளி, ஒரு விளக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற செலவு. 210-ஐ 3.50-ஆல் வகுத்தால் 60. அதாவது முதல் 60 விளக்கு வாடகைக்கும் வண்டிக்கும் சாப்பாட்டுக்கும்தான். உங்கள் உழைப்புக்கான காசு 61-ஆவது விளக்கில்தான் தொடங்குகிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட ஆள்: பகலில் வேலைக்குப் போகிறவர், திங்கள் முதல் வியாழன் வரை மாலையில் மூன்று மணி நேரம் கிடைக்கிறது, வெள்ளி இரவு பொதிவதற்கு.

## முதல் வழி: அந்த வாரமே செய்து அந்த வாரமே விற்பது

திங்கள் மாலை பிரைமரும் அடி வண்ணமும். செவ்வாயும் புதனும் கோலம், கல். புதன் இரவே வார்னிஷ். வியாழன் காய விடுவது. அன்று கை சும்மா இருப்பதால் அடுத்த வாரத்துக்கான விளக்குகளைக் கழுவி வைக்கலாம். வெள்ளி இரவு பொதிந்து, சனி காலை கிளம்புவது.

வண்ண வேலைக்குக் கிடைப்பது மூன்று மாலை, ஒன்பது மணி நேரம். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு விளக்கு என்றால் 60 விளக்கு. மேலே சொன்ன எண்ணோடு வைத்துப் பாருங்கள். 60-ம் விற்றுத் தீர்ந்தாலும் ஈப்போ செலவு ஈடாகிறது, அவ்வளவுதான். ஒரு வார மாலைகளும் ஒரு சனி ஞாயிறும் கொடுத்துவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் வீடு திரும்புவோம்.

இதில் வெளியே தெரியாத செலவு ஒன்றும் இருக்கிறது. புதன் மாலை கோலம் போட்ட விளக்குக்கு அன்று இரவே வார்னிஷ் போட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் இடைவெளி கிடையாது. வெயில் நாளில் எப்படியோ தப்பிக்கலாம். நான்கு மணிக்கு மழை பிடித்து இரவெல்லாம் ஈரக்காற்றாக இருந்தால் பத்தில் இரண்டு மூன்று மங்கிப் போகும். அவற்றைப் பாதி விலைக்குத்தான் கொடுக்க முடியும்.

ஆனாலும் இந்த வழியை ஒதுக்கிவிட முடியாது. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விற்பனை நாள், தாமான் மண்டபத்தில் நடக்கும் சின்னச் சந்தை போன்றவற்றில் வாடகை 40 வெள்ளி, பெட்ரோல் 10 வெள்ளி, சாப்பாடு வீட்டிலிருந்து என்றால் மொத்தச் செலவு 50. பதினைந்து விளக்கில் அது ஈடாகிவிடும். 60 விற்றால் 160 வெள்ளி கையில் நிற்கும். கல்யாணத்துக்குப் பெயர் எழுதிக் கேட்கிறவர்கள், புடவை நிறத்துக்கு ஏற்றாற்போலக் கேட்கிறவர்கள் இருந்தாலும் இந்த வழிதான் ஏற்றது. ஞாயிறு கேட்டதை அடுத்த சனிக்குக் கொடுக்க முடிவது இதில் மட்டும்தான்.

## இரண்டாவது வழி: ஒரு வாரம் முந்தி ஓடுவது

இதில் இந்த வாரம் தீட்டும் விளக்கு அடுத்த வாரச் சந்தைக்கு. இந்த வாரம் விற்பது போன வாரம் முடித்தது. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு மாலையும் வண்ணம். வெள்ளி இரவு, அலமாரியில் எட்டு நாளுக்கு மேல் காய்ந்து கெட்டியாக நிற்கும் பழைய விளக்குகளை எடுத்துப் பொதிவது. புதிதாகச் செய்தவை அலமாரிக்குப் போகும்.

இதன் பெரிய பலம், மழையைப் பற்றிக் கவலை இல்லை. வியாழன் இரவு பத்து மணிக்கு வார்னிஷ் போட்டாலும் அது பொதியப்படுவது அடுத்த வெள்ளிதான். வியாழன் மாலை வீணாகாததால் நேரமும் பன்னிரண்டு மணியாகிறது, 80 விளக்கு. மங்கிப்போவதும் ஒட்டிக்கொள்வதும் ஏறக்குறைய நின்றுவிடும்.

பலவீனம் உடம்பில்தான் தெரியும். ஞாயிறு இரவு கடையைப் பிரித்து, சாமானை ஏற்றி, வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டுத் திங்கள் காலை வேலைக்குப் போய், மாலையில் மறுபடி தூரிகையைப் பிடிக்க வேண்டும். ஓய்வு நாள் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் திங்கள் மாலை கோலம் போட உட்காராதீர்கள். பிரைமர், அடி வண்ணம் போன்ற யோசிக்கத் தேவையில்லாத வேலையை அன்றைக்கு வையுங்கள். கை நடுங்காமல் புள்ளி வைக்கச் செவ்வாய், புதன் நல்ல நாள்.

கழுவும் வேலைக்கு இதில் தனி மாலை இல்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் வாளியில் ஊறப்போட்டு எடுத்து வைக்க வேண்டும், அல்லது வீட்டில் யாராவது உதவ வேண்டும். இடமும் வேண்டும். 80 விளக்கு ஒன்றோடொன்று முட்டாமல் ஒரு வாரம் நிற்க, காற்றோட்டமான நான்கு தட்டு அலமாரி தேவை. பழைய லயத்து வீடுகளிலும் மலிவு விலை வீடுகளிலும் அது சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு தட்டிலும் தேதி எழுதிய டேப் ஒட்டுவது கட்டாயம். இல்லாவிட்டால் நேற்று முடித்தது பெட்டிக்கும் போன வாரம் முடித்தது அலமாரிக்கும் போகும்.

பணக் கணக்கு: 80 விளக்கு விற்றால் 280, செலவு 210 போக 70 வெள்ளி. வாரம் முழுக்க உழைத்து 70 வெள்ளி என்றால் இது மாலை மட்டும் வேலை செய்கிறவருக்கு நல்ல வழியில்லை என்பதே என் கருத்து. ஆனால் பகலிலும் வீட்டில் இருப்பவருக்கு நிலைமை வேறு. நாளைக்கு ஐந்து மணி நேரம் உட்கார முடிந்தால் நான்கு நாளில் 133 விளக்கு வரும். அத்தனையும் விற்றால் ஏறத்தாழ 255 வெள்ளி நிற்கும், அதுவும் வாரா வாரம்.

வீட்டில் இன்னொரு கை இருந்தாலும் கணக்கு மாறும். மாமியாரோ தங்கையோ பிரைமரும் அடி வண்ணமும் பார்த்துக்கொண்டால் உங்கள் பங்கு ஒன்பது நிமிடத்திலிருந்து ஆறு நிமிடமாகக் குறையும். அதே பன்னிரண்டு மணி நேரத்தில் 120 விளக்கு, செலவு போக 210 வெள்ளி. உதவிக்கு வருகிறவரிடம் கோலத்தைக் கொடுக்காதீர்கள். ஒரே மேசையில் இரண்டு கை வேலை தெரிந்தால் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் பொறுக்குவார்கள், மற்றது மிஞ்சும்.

## மூன்றாவது வழி: இரண்டு வாரம் செய்து ஒரு சந்தை

முதல் வாரம் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு மாலை. வெள்ளி ஓய்வு. சந்தை இல்லாத சனிக்கிழமை பகலில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வேலை. ஞாயிறு குடும்பத்துக்கு. இரண்டாம் வாரம் திங்கள், செவ்வாய், புதன். வியாழன் காய விடுவது, அடுத்த சுற்றுக்குக் கழுவுவது. வெள்ளி மூன்று மணி நேரம் பொதிவது. சனி, ஞாயிறு சந்தை.

ஏழு மாலையும் ஒரு பகலும் சேர்ந்து 27 மணி நேரம், 180 விளக்கு. எல்லாம் விற்றால் 630, செலவு 210 போக 420 வெள்ளி. வாரத்துக்கு 210. எல்லாம் விற்காமல் 130 மட்டும் போனாலும் 245 வெள்ளி நிற்கும், 50 விளக்கு அடுத்த சுற்றுக்கு இருக்கும். இரண்டாவது வழியில் இரண்டு வாரம் ஓடி 160-ம் விற்றால்கூட 140-தான். வித்தியாசத்துக்குக் காரணம் விளக்கின் எண்ணிக்கை மட்டுமல்ல, வாடகையும் வண்டிச் செலவும் ஒரு தடவை மட்டும் போவதுதான்.

அந்தச் சனிக்கிழமைப் பகலைத்தான் இதில் காப்பாற்ற வேண்டும். பகல் வெளிச்சத்தில், வெயிலடிக்கும் நேரத்தில் செய்யும் ஆறு மணி நேரம் இரண்டு மாலைக்குச் சமம். முதல் வார மாலைகளில் தீட்டிய விளக்குகளுக்கு வார்னிஷை அன்று மதியம் போட்டுவிட்டால் மழையும் பெரிய தொல்லையில்லை. சந்தை இல்லை என்று தெரிந்ததும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஏதாவது அந்த நாளில் வந்து உட்காரும். அது போனால் 40 விளக்கு போனது. விசேஷத்துக்கு மாலையில் போகலாம், காலையிலிருந்து மதியம் வரை மேசையை விட்டு எழ வேண்டாம்.

இன்னொரு மறைவான செலவு இடம். வாரா வாரம் வருகிறவர்களுக்கு வாசல் பக்கத்து இடத்தையும், விட்டு விட்டு வருகிறவர்களுக்கு மூலை இடத்தையும் கொடுக்கும் ஏற்பாட்டாளர்கள் உண்டு. முன்பணம் கட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். "ஒரு வாரம் விட்டு வருகிறேன், அதே இடம் கிடைக்குமா?" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்திருப்பது நல்லது.

கோலாலம்பூர் சந்தைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் இந்த ஒரு வழிதான். இங்கிருந்து 230 கிலோமீட்டர் அளவு. வாடகை, டோல், பெட்ரோல், இரவு தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து 500 வெள்ளி என்று வைத்தால் 143 விளக்கு விற்ற பிறகுதான் லாபம். வெள்ளி மாலையே கிளம்ப வேண்டியிருப்பதால் பொதிவது வியாழனுக்கு வரும், வண்ண வேலை செவ்வாயோடு முடிய வேண்டும். அப்போது விளக்கு 180 இல்லை, 160. அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்க முடிந்தால் யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | அந்த வாரமே | ஒரு வாரம் முந்தி | இரண்டு வாரத்துக்கு ஒன்று |
|---|---|---|---|
| ஒரு சந்தைக்கு விளக்கு | 60 | 80 | 180 |
| ஈப்போ சந்தையில் எல்லாம் விற்றால் மிச்சம் | 0 | 70 வெள்ளி | 420 வெள்ளி |
| வாரத்துக்குச் சராசரி | 0 | 70 வெள்ளி | 210 வெள்ளி |
| காய நேரம் | பற்றாது | தாராளம் | போதும் |
| ஓய்வு நாள் | இல்லை | இல்லை | முதல் வார வெள்ளி, ஞாயிறு |
| அலமாரி இடம் | குறைவு | எப்போதும் நிறைந்திருக்கும் | இரண்டாம் வாரம் நிறையும் |
| மறைவான செலவு | மங்கிய வார்னிஷ் | உடல் களைப்பு, இடம் | நல்ல கடை இடம் கைவிட்டுப் போவது |
| யாருக்கு | உள்ளூர்ச் சந்தை, ஆர்டர் வேலை | பகலில் வீட்டில் இருப்பவர், உதவிக்கு ஆள் உள்ளவர் | மாலை மட்டும் வேலை செய்கிறவர் |

## பொதிவதும் வண்டியும்: மூன்றுக்கும் பொதுவானது

எந்த வழியை எடுத்தாலும் வெள்ளி இரவும் சனி பகலும் ஒன்றுதான். அக்ரிலிக் வெப்பத்தில் இளகும். மூடிய காடி வெயிலில் நின்றால் உள்ளே அடுக்கிய விளக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வண்ணம் உரிந்து வரும். குமிழித் தாளை வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றினால் விளக்கு முழுக்க வட்ட வட்டமாக அச்சு விழும். முதலில் கேக் சுடப் பயன்படுத்தும் பேக்கிங் தாளில் சுற்றி, அதற்கு மேல் குமிழிகள் வெளிப்பக்கம் இருக்கும்படி குமிழித் தாளைச் சுற்றுங்கள். நாளிதழ் வேண்டாம், வெளிர் நிறத்தில் மை ஏறும்.

அகலில் முதலில் உடைவது திரி வைக்கும் மூக்குதான். பெட்டிக்குள் அட்டைத் தடுப்பு போட்டு, மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கினால் சாலையில் ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போதே ஒன்றிரண்டு போய்விடும்.

வெள்ளி இரவே பெட்டிகளை வண்டியில் ஏற்றி வைக்கலாம், இரவில் சூடு இல்லை. ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் போதும். கடை போட்டதும் மிச்சப் பெட்டிகளைக் காடியில் விட்டுவிட்டு வராதீர்கள். எல்லாவற்றையும் இறக்கி மேசைக்கு அடியில், துணி மறைவில் வையுங்கள். மதிய வெயிலில் காடிக்குள் கெட்டுப்போகும் விளக்குகளையும் விலை குறைவாகத்தான் கொடுக்க வேண்டி வரும்.

## என் தேர்வு

மாலை மட்டும் நேரம் உள்ளவர் ஆண்டின் பெரும்பகுதிக்கு மூன்றாவது வழியையே எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடுவில் உள்ளூரில் வாடகை குறைந்த சந்தை வந்தால் மிஞ்சிய விளக்கை எடுத்துக்கொண்டு ஒரு நாள் போய் வரலாம். வாரா வாரம் ஈப்போ போனால்தான் வியாபாரம் நடக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் வேறு கணக்கு. அப்போது ஒரு வாரம் வராவிட்டால் வாங்குகிறவர் பக்கத்துக் கடையில் வாங்கிவிடுவார். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில்தான் பேராக்கில் மழையும் அதிகம், விளக்கு காய்வது மிகவும் மெதுவாக இருக்கும். வாராவாரம் விற்க வேண்டும், காயவும் நேரம் வேண்டும் என்றால் இரண்டாவது வழியைத் தவிர வேறு இல்லை. அந்த ஆறு வாரத்துக்கு மட்டும் உதவிக்கு ஒரு கை தேடுங்கள். பருவத்தில் கடை வாடகை கூடும், அந்தத் தொகையைப் போட்டு 3.50-ஆல் மறுபடி வகுத்துப் பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள்.

மூன்றாவது வழியிலிருந்து இரண்டாவதுக்கு மாற, கையில் ஒரு வாரச் சரக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். தீபாவளிக்கு எட்டு வாரத்துக்கு முந்தைய சுற்றில் 180 விளக்கும் செய்யுங்கள், ஆனால் சந்தைக்கு 100 மட்டும் எடுத்துப் போங்கள். மிச்சம் 80 அலமாரியில் தேதியோடு நிற்கட்டும். அந்த 80 குறிப்பிட்ட பண்டிகை எழுத்து இல்லாத, சிவப்பும் மஞ்சளும் கலந்த பொது விளக்குகளாக இருந்தால் தீபாவளிக்குப் போகாதது கார்த்திகைக்குப் போகும். மண் விளக்கையும் அப்போதே சேர்த்து வாங்கிக் கழுவிவிடுங்கள். கோலசிலாங்கூர் பக்கத்துக் குயவர்களிடம் வாங்கினாலும் சரி, இறக்குமதிச் சரக்கை வாங்கினாலும் சரி, பண்டிகை நெருங்க நெருங்க மூக்கு உடையாத நல்ல விளக்கு கிடைப்பது கடினம்.